பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நாலடி

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீட்டை வாங்கினேன். அப்பா எனக்குக் கொடுத்த நிலத்தை விற்ற பணமும், அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக நான் சேர்த்ததும் அதில் போயிற்று. அதனால் பத்திரம் என் பேரில்தான் எழுதப்பட்டது. கணவருக்குத் தபால் ஆபீசில் வேலை. வாங்கும்போது வீட்டுக்கு வடக்கே வேலிகாத்தான் முளைத்த வெறும் மனை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அதற்காகவே அந்தப் பக்கத்து அறையில் என் மேசையைப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் அந்த மனையில் தகரக் கொட்டகை போட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை கட்டி, ஒருவர் மனைவியோடும் மகளோடும் குடிவந்தார். நாற்பது வயதிருக்கும். வலது கை இடது கையைவிடப் பருமனாக இருக்கும். பட்டறைக்காரர் என்றே தெருவில் அழைத்தார்கள். முதலில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவது, கலப்பைக் கொழு தீட்டுவது என்று நடந்தது. இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பார்கள். அந்தச் சத்தத்தை நாங்கள் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. மதியம் அடங்கிவிடும்.

பிறகு லாரி வேலை வர ஆரம்பித்தது. லாரிக்கு அடியில் பாரம் தாங்குவதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த இரும்புப் பட்டைகள் இருக்கும். வளைவு போனாலோ உடைந்தாலோ அவற்றை உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து மறுபடி வளைக்க வேண்டும். பெங்களூர் போகிற வண்டிகள் வரிசையாக நின்றன. கைத்துருத்தி போய் மோட்டார் ஊதி வந்தது. அதற்கு ஆறு மாதம் கழித்து மோட்டாரில் ஓடும் சம்மட்டி வந்தது. அதை எங்கள் சுவரோரமாகவே நிறுத்தினார். நடுவில் நாலடி இடைவெளிதான்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கும். தம், தம், தம் என்று நிமிஷத்துக்கு நூறு முறைக்கு மேல் விழும். காதில் கேட்பதைவிடப் பாதத்தில்தான் அதிகம் தெரியும். அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். நிலக்கரிப் புகை நேராக எங்கள் முற்றத்தில் இறங்கும். துவைத்துப் போட்ட வெள்ளை வேட்டியை எடுத்து உதறினால் கறுப்புப் பொடி கொட்டும். மாவு அரைத்து மூடி வைத்தாலும் மேலே கரி படிந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினேன். மலையும் போயிற்று, காற்றும் போயிற்று, சத்தம் மட்டும் இருந்தது.

என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. அந்தக் குளிர்காலத்தில் அது ஜாஸ்தியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பட்டறைக்குப் போய்ப் பேசினார். நானும் கூடப் போனேன்.

“சார், நான் இன்னா பண்ணட்டும்? பன்னெண்டு பேரு என்னை நம்பிக்கினு கீறாங்க,” என்றார் பட்டறைக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். “லைசென்ஸு மாட்டி வச்சிருக்கேன் பாருங்க. திருட்டுத்தனமா எதுவும் பண்லீங்க.”

“மிசினையாவது அந்தப் பக்கம் நகர்த்தக் கூடாதுங்களா?” என்றேன்.

“அதுக்கு அடியில காங்கிரீட்டு போட்டிருக்கேன் டீச்சர். பேத்தெடுத்தா அவ்ளோதான்.”

அவருடைய மகள் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என் வகுப்பு மாணவி. ஏழாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சு.

நகராட்சிக்கு ஒரு மனு எழுதினோம். எதிர் வீட்டு அம்மாளும் கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டுக்கும் புகை போகும். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு நாள் வந்தார். அன்றைக்குப் பார்த்து உலை அணைந்து கிடந்தது. சம்மட்டிமேல் சாக்கு போர்த்தியிருந்தது. அவர் திண்டாடிப் போய் எங்களைப் பார்த்தார். ஆனால் லைசென்ஸை எடுத்துப் படித்ததில் ஒரு விஷயம் அகப்பட்டது. அது கையால் செய்யும் பட்டறை வேலைக்கு மட்டும் கொடுத்தது. மோட்டார் வைப்பதற்கு நகராட்சியில் தனி அனுமதி வாங்க வேண்டும். அதைப் பட்டறைக்காரர் வாங்கவில்லை. நோட்டீஸ் அனுப்பினார்கள். அவர் உடனே அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டார். விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை சம்மட்டியும் ஓடியது.

அடுத்ததாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். தொல்லை கொடுக்கும் தொழிலை நிறுத்தச் சொல்லி அவர் உத்தரவு போடலாம் என்று தபால் ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். எதிர் வீட்டு அம்மாளையும் கூப்பிட்டேன். அவர் வாசல் தெளித்துக்கொண்டே தலையைக் குனிந்து சொன்னார்:

“என் தம்பிக்கு அங்க வேலை போட்டுக் குடுத்துட்டாரு டீச்சர். நான் இனிமே எப்படி வர்றது? தப்பா நெனைக்காதீங்க.”

தப்பாக நினைக்கவில்லை என்று சொன்னேன். நினைத்தேன்.

ஆர்.டி.ஓ. எங்கள் மனுவை முழுதாகப் படித்தார். “ஊர் ஜனங்களுக்கே தொந்தரவு, தெருவே பாதிக்கப்படுதுன்னா நூத்தி முப்பத்தி மூணாவது பிரிவுல நான் நடவடிக்கை எடுக்கலாம்மா. இதுல கையெழுத்து உங்க ஒரு வீடுதான் இருக்கு. இது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல உள்ள விவகாரம். முன்சீப் கோர்ட்டுக்குப் போங்க,” என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். கோர்ட்டு என்றதும் என் கணவருக்குப் பயம். “வாடகை வீட்டுக்குப் போயிடலாமா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. என் வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும்?

வக்கீல் ஒருவர் தேரடித் தெருவில் இருந்தார். தலை முழுக்க நரைத்தவர். எதிராளியைத் திட்டிப் பேசுகிற வழக்கம் கிடையாது. நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் என் கணவருடைய இழுப்பைப் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்தார்.

“அதை முன்னால வைக்காதீங்கம்மா. அவருக்கு ஒடம்பு சரியில்ல, அதனாலதான் தாங்க முடியலைன்னு அந்தப் பக்கம் சொல்லிடுவாங்க. சாதாரண ஒடம்பு உள்ள ஒரு ஆளு, சாதாரணமா ஒரு வீட்டுல இருக்க முடியுதா இல்லையா, அதான் கேள்வி. கோர்ட்டு பாக்கறது அதைத்தான்.”

“அவர் லைசென்ஸ் இருக்குன்னு சொல்றாரே?”

“முழு லைசென்ஸே இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் படுத்தறதுக்கு அது அனுமதி ஆவாது. நகராட்சி விஷயம் வேற, இது வேற.” பிறகு ஒரு நோட்டு வாங்கி வைக்கச் சொன்னார். “தினம் எத்தினி மணிக்கு ஆரம்பிச்சான், எத்தினி மணிக்கு நிறுத்தினான், பொகை எந்தப் பக்கம் அடிச்சுது, எழுதுங்க. ஒண்ணும் நடக்காத நாளையும் எழுதுங்க. அது ரொம்ப முக்கியம்.”

நான்கு மாதம் எழுதினேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அதே மேசையில், அதே சிவப்பு மையில் எழுதினேன். கொட்டகைக்கு விடுமுறை விட்ட நாட்களையும் எழுதினேன். அப்படி எழுதும்போதுதான் அது எத்தனை கம்மி என்று எனக்கே தெரிந்தது.

முதலில் வக்கீல் நோட்டீஸ் போனது. பதில் இல்லை. பிறகு வழக்குத் தாக்கல் செய்தோம். இன்ன நேரத்தில் இன்ன மாதிரி சத்தமும் புகையும் எழுப்பி என் வீட்டை நான் அனுபவிக்க விடாமல் செய்வதை நிரந்தரமாகத் தடுக்க வேண்டும், நஷ்டஈடாக ஒரு சிறு தொகை தர வேண்டும் என்று அதில் இருந்தது. பட்டறையையே மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எதுவுமே கிடைக்காமல் போகலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்கும் அந்தப் பன்னிரண்டு பேர் நினைவில் இருந்தார்கள்.

வழக்கு முடியும்வரைக்கும் இடைக்காலத் தடை கேட்டோம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் முன்சீப் தர மறுத்துவிட்டார். ஆனால் ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராக நியமித்து, இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொன்னார். தொல்லையா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.

கமிஷனர் வருகிற நாள் இரண்டு தரப்புக்கும் முன்கூட்டியே தெரியும். அது விதி. ஆகவே அன்றைக்கும் சம்மட்டிமேல் சாக்குதான் இருந்தது. உலையில் நாலு கரித்துண்டு பேருக்குப் புகைந்துகொண்டிருந்தது. கமிஷனர் டேப்பை வைத்து நாலடி இடைவெளியை அளந்தார். மோட்டாரின் குதிரைத்திறனைக் குறித்தார். புகைக்குழாய் எங்கள் ஓட்டு மட்டத்துக்குக் கீழேயே முடிவதைப் பார்த்தார். என் முற்றத்தில் வெள்ளைக் காகிதத்தால் சுவரைத் துடைத்து, கரி ஒட்டிய காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். பட்டறைக்காரர் கூடவே கைகட்டி நின்றார்.

அப்போது செங்கம் பக்கமிருந்து ஒரு லாரி ஒருபக்கம் சாய்ந்தபடி ஊர்ந்து வந்து நின்றது. வேர்க்கடலை மூட்டை நிறைந்திருந்தது. டிரைவர் குதித்து இறங்கி, “யோவ், பட்டை உடஞ்சிச்சு. சாயங்காலத்துக்குள்ள சரக்கைக் கொண்டுபோய்ச் சேக்கணும். சீக்கிரம் போடுய்யா,” என்றார்.

“நாளைக்கு வாயேன்,” என்றார் பட்டறைக்காரர். கண்ணால் கமிஷனரைக் காட்டினார். டிரைவருக்குப் புரியவில்லை.

“நாளைக்கா? கடலை யாரு மூட்டைன்னு தெரியுமா? நீ பண்ணலைன்னா பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கறவன்கிட்ட போறேன். இனிமே நம்ம வண்டி எதுவும் இங்க வராது.”

பட்டறைக்காரர் லாரிக்கு அடியில் குனிந்து உடைந்த பட்டையைப் பார்த்தார். பிறகு சாக்கை எடுத்தார்.

கமிஷனர் எங்கள் வீட்டுக்குள் வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தார். அவருக்குக் குடிக்கக் கொடுத்த டம்ளர் தண்ணீர் மேசைமேல் இருந்தது. சம்மட்டி ஓட ஆரம்பித்ததும் அந்தத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அவர் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். நான் ஏதோ சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. “இன்னா சொன்னீங்க?” என்று கத்திக் கேட்டார். அதையும் எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்த பிறகு இடைக்கால உத்தரவு கிடைத்தது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் சம்மட்டி ஓடக் கூடாது. அவர் அதற்குக் கட்டுப்பட்டார். ஆனால் நடுவில் உள்ள பத்து மணி நேரம் முன்னைவிடக் கடுமையாக அடித்தார்கள். விட்டுப்போனதை ஈடுகட்ட வேண்டுமே.

வகுப்பில் பட்டறைக்காரரின் மகள் என்னை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் சொல்ல மாட்டாள். நானும் அவளிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். அது சரியில்லை என்று தெரிந்தும் செய்தேன்.

விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆனது. கேஷுவல் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறினேன்.  என் வக்கீல் கேட்டதற்குப் பதில் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். பிறகு பட்டறைக்காரரின் வக்கீல் எழுந்தார்.

“தீபத் திருவிழாவுக்கு உங்க தெருவுல ஒலிபெருக்கி கட்றாங்களா?”

“கட்றாங்க.”

“அதைத் தொந்தரவுன்னு கேஸ் போட்டீங்களா?”

“தீபம் பத்து நாளுங்க. இது வருஷம் முந்நூறு நாளு. அதுக்கு ஒரு முடிவு உண்டுன்னு நமக்குத் தெரியும்,” என்றேன்.

முன்சீப் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். வக்கீல் அடுத்து ஒரு காகிதத்தைப் பார்த்தார்.

“பிரதிவாதியோட மகள் உங்க வகுப்புல படிக்குதா?”

“ஆமாம்.”

“அரைப் பரீட்சையில கணக்குல எத்தினி மார்க்கு போட்டீங்க?”

என் வக்கீல் எழுந்து, இதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்றார். விரோதம் இருக்கிறதா என்று காட்டத்தான் கேட்கிறேன் என்றார் எதிர் வக்கீல். முன்சீப் அனுமதித்தார்.

“இருபத்தி எட்டு,” என்றேன்.

“அதுக்கு முந்தின வருஷம் நாப்பத்தொம்பது. கேஸ் போட்ட அப்புறம் இருபத்தி எட்டு. அப்பா மேல உள்ள ஆத்திரத்தைப் பொண்ணு மேல காட்டினீங்க, இல்லையா?”

 பதினாறு வருஷ வேலையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. “பேப்பரை வரவழைச்சு எந்தக் கணக்கு டீச்சரை வேணும்னாலும் திருத்தச் சொல்லுங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டறைக்காரர் எழுந்து நின்றிருந்தார்.

“அதைக் கேக்காதீங்க சார். வாணாம். டீச்சரு அப்படிப்பட்டவங்க இல்ல. பொண்ணு படிக்கல, அதான் மார்க்கு வரல. அந்தச் சத்தத்துல அது எங்க ஒக்காந்து படிக்கும்?”

 அவருடைய வக்கீல் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தான் சொன்னது என்ன என்று பட்டறைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“நீங்க சாட்சி சொல்ற நேரம் இது இல்ல. உக்காருங்க,” என்றார் முன்சீப். அதைப் பதிவு செய்யவில்லை. ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு வக்கீல்களையும் பார்த்து, “சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் கட்சிக்காரங்களை உக்கார வச்சுப் பேசிப் பாருங்களேன்,” என்றார்.

கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: “அந்த ரெண்டு ரூம்புல நானும் அதே சத்தத்துலதான் இருக்கறேன் டீச்சர். என் சம்சாரத்துக்கு ஒரு காதே சரியா கேக்க மாட்டேங்குது. வேற எடம் பாக்க முடியாம இல்ல. கோபம். நம்மளக் கோர்ட்டுக்கு இழுத்துட்டாங்களேன்னு ஒரு கோபம்.”

“எனக்கும் கோபம்தான்,” என்றேன்.

மூன்று வாய்தாக்களில் ராஜி மனு தயாரானது. ஆறு மாதத்துக்குள் சம்மட்டியையும் உலையையும் ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அதுவரை காலை ஒன்பதிலிருந்து ஒன்று, மாலை மூன்றிலிருந்து ஆறு. ஞாயிற்றுக்கிழமை கிடையாது. புகைக்குழாயை எங்கள் கூரைக்கு மேல் பத்தடி உயர்த்த வேண்டும். நான் நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்தேன். செலவு அவரவருடையது. நாங்கள் இருவரும் வக்கீல்களும் கையெழுத்துப் போட்டோம். முன்சீப் எங்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அதையே தீர்ப்பாக்கினார்.

புகைக்குழாயை ஒரே வாரத்தில் உயர்த்திவிட்டார். வேட்டி வெள்ளையாகக் காய்ந்தது. ஆறு மாதம் முடிந்தது. சம்மட்டி நகரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பதாவது மாதம். கேட்டால், “எடம் அமையல டீச்சர்” என்பார். மறுபடி வக்கீலிடம் போனேன். ராஜியில் முடிந்திருந்தாலும் அது தீர்ப்புதான், மீறினால் நிறைவேற்று மனு போடலாம் என்றார். சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறையில்கூட வைக்கலாம். போட்டோம். நோட்டீஸ் அவர் கைக்குப் போன அன்று சாயங்காலம் வந்து எங்கள் வாசலில் நின்றார்.

“ஜெயில்னு எழுதியிருக்குது டீச்சர்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் மனுவைத் திரும்பப் பெறவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் வேங்கிக்கால் பக்கம் ஒரு புஞ்சையை வாங்கி எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். காங்கிரீட்டைப் பெயர்த்தெடுக்க இரண்டு நாளாயிற்று. அதுதான் கடைசிச் சத்தம். குடும்பம் மட்டும் அந்த இரண்டு அறையிலேயே இருந்தது. மகள் பத்தாம் வகுப்பை இரண்டாவது முறையில் தாண்டினாள். கணவருக்கு இழுப்பு முழுதாகப் போய்விடவில்லை. கம்மியானது. அவ்வளவே.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் பட்டறைக்காரர் கையில் ஒரு உறையோடு வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. மாவட்டத்தைப் பிரிக்கப் போகிறார்கள், கலெக்டர் ஆபீஸ் அங்கே வரும் என்ற பேச்சில் வேங்கிக்கால் பக்கமெல்லாம் மனை போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

“நான் போனப்போ அங்க ஆடுதான் மேஞ்சுது. நான்தான மொதல்ல வந்தேன்? அவருதான பின்னால வந்து பக்கத்துல கட்னாரு? நியாயம் சொல்லுங்க டீச்சர்.”

எனக்கு நியாயம் தெரியவில்லை. அவரை அழைத்துக்கொண்டு தேரடித் தெருவுக்கே போனேன். எங்கள் வக்கீலுக்குப் பார்வை மங்கியிருந்தது. நோட்டீஸை அவருடைய மகன் படித்துக் காட்டினார். கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்:

“மொதல்ல வந்தேன்றது தனியா ஒரு பதில் இல்லப்பா. இருபது வருஷம் தடையில்லாம நடத்தியிருந்தா பேசிப் பாக்கலாம், உனக்கு அது ஆவல. ஆனா அது எந்த மாதிரி எடம்னு கோர்ட்டு பாக்கும். ஊருக்கு வெளிய இருந்த எடத்தைக் கோவில் தெரு மாதிரி பாக்காது. கோர்ட்டுக்கு முன்னால நீயே போய் அந்த ஆளைப் பாரு. மிசினுக்கு அடியில ரப்பர் வைக்கலாமா, அந்தப் பக்கம் செவுரு எழுப்பலாமான்னு கேளு. கோபப்படாத.”

“நீங்களும் கூட வர்றீங்களா டீச்சர்?” என்று பட்டறைக்காரர் கேட்டார். “அவரு சம்சாரமும் டீச்சர்தானாம்.”

சனிக்கிழமை டவுன் பஸ் ஏறிப் போனோம். புது வீட்டின் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, காபி கொடுத்து, நான் யார் என்று கேட்டார். “இவர் பட்டறைக்குப் பக்கத்துல எட்டு வருஷம் குடியிருந்தேன்,” என்று சொன்னேன். பிறகு அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்ததை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டேன். அவர் சொன்னதில் ஒன்றுகூட மிகையில்லை என்பது எனக்குத் தெரியும். பட்டறைக்காரரும் குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு, சுவரை எந்தப் பக்கம் எழுப்புவது என்று பார்க்க மூவரும் வெளியே போனோம்.